காகிதத்தை வெட்டினால் மட்டும் போதுமா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில், மாலை வேளையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கணக்குப் படிக்க வருகிறார்கள். பள்ளியில் சிலர் ஆங்கில வழி, சிலர் கன்னட வழி. என்னிடம் தமிழில் பேசுவார்கள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது பொழுதுபோக்கு. அவர்களுடைய பெற்றோருக்கு ஒரு நிம்மதி.

அவர்களில் ஒரு சிறுமி ஒரு நாள் மிகுந்த உற்சாகத்தோடு வந்தாள். "சார், எங்க தாத்தா கர்ணம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்லிக் கொடுத்தார். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம்" என்றாள். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களில் நீளமானதை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைத் தள்ளிவிட வேண்டும். மீதியோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வந்துவிடும். இதுதான் தாத்தாவின் வழி. நம்மவர்களிடையே ஒரு செய்யுளாகவே இது வழங்கி வருவதை வாசகர்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அது யார் பாடியது, எந்தக் காலத்தது என்ற வழக்குக்குள் நான் புகவில்லை.

சிறுமி சோதித்தும் பார்த்திருந்தாள். பக்கங்கள் 3, 4 என்றால் நாலில் எட்டில் ஒன்று போக மூன்றரை, அதோடு ஒன்றரை, ஆக 5. சரி. 6, 8 என்றால் ஏழும் மூன்றும் 10. சரி. 5, 12 என்றால் பத்தரையும் இரண்டரையும் 13. அதுவும் சரி. "அப்போ இதுவும் தேற்றம்தானே சார்? பிதாகோரஸ் சொன்னதை விட இது ஈஸி" என்றாள்.

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாத்தாவின் வழி எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் நிலையில் இருந்து பாருங்கள். பாடப்புத்தகத்தின் தேற்றத்தை அவள் எதைக் கொண்டு நம்பினாள்? அதே 3, 4, 5. அதே 6, 8, 10. அதே 5, 12, 13. தாத்தாவின் விதியையும் அதே மூன்று உதாரணங்களைக் கொண்டுதான் நம்பினாள். ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க அவளிடம் ஒரு காரணமும் இல்லை. தேர்வில் இந்தப் பாடத்துக்கு முழு மதிப்பெண் வாங்கிய பெண் அவள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பள்ளியில் செய்முறையே காட்டவில்லையா என்று கேட்டேன். காட்டினார்களாம். தெர்மோகோல் பலகையில் 3, 4, 5 பக்க முக்கோணம் ஒட்டி, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வண்ணச் சதுரக் கட்டங்கள் ஒட்டிக் கொண்டு வரச் சொன்னார்களாம். ஒன்பது கட்டம், பதினாறு கட்டம், இருபத்தைந்து கட்டம். அம்மா ஸ்டேஷனரி கடையில் ஆயத்தமாகவே வாங்கிக் கொடுத்துவிட்டார். பலகை வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. பிராஜெக்ட் மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து என்பதை இரண்டாம் வகுப்பிலேயே கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பலகை புதிதாக என்ன சொல்லிற்று என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

காகிதம் வெட்டி இந்தத் தேற்றத்தைக் கற்பிப்பதற்கு நான் எதிரியல்லன். ஆதரவாளன். ஆனால் இன்று 'செய்முறை' என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி கட்டம் எண்ணுவதாகவோ, கடையில் வாங்கிய துண்டுகளைப் பொருத்துவதாகவோ முடிந்துவிடுகிறது. வெட்டிய காகிதம் ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் வெட்டியது வீண். அடுத்த நாள் மாடியில் நாங்கள் செய்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆசிரியர்களும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் பெற்றோரும் செய்து பார்க்கலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தடித்த அட்டையில் 14 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரையச் சொன்னேன். இதைச் 'சட்டம்' என்று வைத்துக் கொள்வோம். எல்லோருக்கும் சட்டம் ஒன்றே. ஆனால் பதினாலை இரண்டாகப் பிரிப்பது அவரவர் விருப்பம். ஒருவன் 5, 9 என்றான். ஒருத்தி 3, 11. இன்னொருவன் 4, 10. தாத்தாவின் பேத்தியை மட்டும் 7, 7 எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காரணம் பின்னால் வருகிறது. இப்படி ஆளுக்கொரு முக்கோணம் அமைவது முக்கியம். எல்லோரும் 3, 4, 5 வெட்டினால் அது ஒரே ஒரு முக்கோணத்தைப் பற்றிய செய்தி, அவ்வளவுதான்.

5, 9 எடுத்த பையனைத் தொடர்வோம். வண்ணக் காகிதத்தில் 5-க்கு 9 அளவில் இரண்டு நீள்சதுரங்களை வெட்டி, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டினான். நான்கு செங்கோண முக்கோணங்கள் கிடைத்தன. நான்கு தாள்களை அடுக்கி வைத்து ஒரே வெட்டாக வெட்டலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். கத்தரிக்கோலின் வாயில் அடித்தாள் நழுவும். மேல் முக்கோணத்துக்கும் அடி முக்கோணத்துக்கும் ஒரு மில்லிமீட்டராவது வேறுபாடு வந்துவிடும். இன்னொன்று: நோட்டிலிருந்து கிழித்த தாளின் மூலையை நம்ப வேண்டாம். கிராப் தாளோ, கடையில் விற்கும் வெட்டுத் தாளின் கிழியாத மூலையோதான் சரியான செங்கோணம் தரும்.

காகிதத்தின் ஒரு பக்கம் மட்டும் வண்ணமாக இருப்பது நல்லது. வண்ணப் பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டுவிட வேண்டும். முக்கோணத்தைத் திருப்பிப் போட்டால் அது கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல் மாறிவிடும். சட்டத்தின் ஓரத்தில் ஐந்தும் ஒன்பதும் சேர்ந்து பதினாலு வர வேண்டிய இடத்தில் ஐந்தும் ஐந்தும் வந்து இடைவெளி விழும். அல்லது ஒன்பதும் ஒன்பதும் வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பிள்ளைகள் 'பொருந்தவில்லை சார்' என்று முறையிடும்போது பத்துக்கு எட்டுத் தடவை இதுதான் காரணம்.

இப்போது முதல் அடுக்கு. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு முக்கோணங்களின் செங்கோணத்தைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு முக்கோணத்தின் ஐந்தும் அடுத்த முக்கோணத்தின் ஒன்பதும் வரிசையாக அமையும். நான்கும் உட்கார்ந்த பிறகு, நடுவே அட்டை தெரியும்படி ஒரு சாய்ந்த சதுரம் காலியாக நிற்கும். அதன் நான்கு பக்கமும் நான்கு கர்ணங்கள். ஆகவே அந்தக் காலி இடம் கர்ணத்தின் மேல் நிற்கும் சதுரம்.

இரண்டாம் அடுக்கு. அதே நான்கு முக்கோணங்களைச் சட்டத்தை விட்டு எடுக்காமல் நகர்த்த வேண்டும். இரண்டிரண்டாகக் கர்ணத்தோடு கர்ணம் சேர்த்தால் பழையபடி 5-க்கு 9 நீள்சதுரங்கள் இரண்டு ஆகும். ஒன்றைச் சட்டத்தின் மேல் இடது மூலையில் படுக்க வைத்து, மற்றொன்றைக் கீழ் வலது மூலையில் நிமிர்த்தி வைத்தால், காலியாக இரண்டு இடங்கள் மிஞ்சும். ஒன்று ஐந்துக்கு ஐந்து. மற்றொன்று ஒன்பதுக்கு ஒன்பது.

இங்கே நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியருக்கு இது கடினமான வேலை. 'ஆகவே கர்ண வர்க்கம் சமம்' என்று சொல்லிவிட நாக்குத் துடிக்கும். சொல்லக்கூடாது. சற்று நேரம் முக்கோணங்களை இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருந்த பிறகு, 3, 11 வைத்திருந்த சிறுமிதான் சொன்னாள்: "சட்டமும் அதேதான், முக்கோணமும் அதேதான். அப்போ காலி இடமும் அதே அளவுதானே இருக்கணும்?"

இதுதான் நிரூபணம். இதில் எண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள். 5, 9 எடுத்தவனுக்கும், 3, 11 எடுத்தவளுக்கும், 7, 7 எடுத்தவளுக்கும் அதே வாக்கியம் பொருந்துகிறது. பிறகு வேண்டுமானால் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சட்டத்தின் பரப்பு 196. ஒரு முக்கோணம் இருபத்திரண்டரை; நான்கும் 90. மிச்சம் 106. இருபத்தைந்தும் எண்பத்தொன்றும் 106. கர்ணம் 10.3 சென்டிமீட்டருக்கு மயிரிழை குறைவு. அளவுகோலால் அளந்தால் 10.3 என்றே படிக்கும்.

மத்தியப் பாடத்திட்டத்தின் பழைய ஏழாம் வகுப்புப் புத்தகத்திலும் ஏறக்குறைய இதே செய்முறை இருந்தது. எட்டு முக்கோணங்களை வெட்டி இரண்டு சட்டங்களில் நான்கு நான்காக அடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் எட்டு வேண்டாம், நான்கே போதும் என்கிறேன். எட்டு வெட்டினால் 'இந்த நான்கும் அந்த நான்கும் ஒன்றுதானா' என்ற ஐயம் ஓரத்தில் நிற்கும். அதே நான்கை நகர்த்தினால் அந்த ஐயத்துக்கே இடமில்லை.

இத்துடன் பாடம் முடிந்தது என்று எழுந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதாகும். முதல் அடுக்கில் நடுவே தெரியும் காலி இடம் சதுரம்தான் என்று எப்படித் தெரியும்? நான்கு பக்கமும் சமம், சரி. நான்கு பக்கமும் சமமாக இருந்தும் ஒரு பக்கம் அழுத்திவிட்ட சாய்சதுரமாக இருக்கலாமே! பிள்ளைகளிடம் கேட்டால் 'பார்த்தாலே தெரிகிறதே சார்' என்பார்கள். பார்த்தால் தெரிவதை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காகித வித்தையை வைத்திருக்கிறேன்.

எட்டுக்கு எட்டுச் சதுரத்தை, ஓரங்களில் மூன்றும் ஐந்துமாகக் குறித்து, இரண்டு முக்கோணமும் இரண்டு சரிவகமுமாக நான்கு துண்டாக்கி மாற்றி அடுக்கினால் ஐந்துக்குப் பதின்மூன்று நீள்சதுரம் போலத் தோன்றும். 64 சதுர சென்டிமீட்டர் 65 ஆகிவிட்டது! பழைய வித்தைதான். உண்மையில் நீள்சதுரத்தின் மூலைவிட்டத்தின் நெடுக ஊசி போல ஒரு மெல்லிய இடைவெளி விழுகிறது. அதன் அகலம் எங்கேயும் ஒன்றரை மில்லிமீட்டரை எட்டாது. வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிய விளிம்பில் அது வெட்டின் கோணல் என்றே தோன்றும். ஒரு சதுர சென்டிமீட்டர் முழுவதும் அதில்தான் ஒளிந்திருக்கிறது. பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன் தாங்கள் செய்ததையும் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சந்தேகம் வந்த பிறகுதான் காரணம் கேட்கப் பசி எடுக்கும்.

காரணம் எளிது. சட்டத்தின் ஓரத்தில் இரண்டு முக்கோணங்கள் தொடும் புள்ளியைப் பாருங்கள். அங்கே ஓரம் ஒரு நேர்க்கோடு, 180 பாகை. அந்தப் புள்ளியில் ஒரு முக்கோணத்தின் ஒடுங்கிய கோணமும், அடுத்த முக்கோணத்தின் சற்று விரிந்த கோணமும் வந்து நிற்கின்றன. இடையில் உள்ளதுதான் காலி இடத்தின் மூலை. செங்கோண முக்கோணத்தில் மற்ற இரு கோணங்களும் சேர்ந்து 90. ஆக மிச்சமும் 90. மூலை செங்கோணமே. வாயால் சொன்னது மனத்தில் தங்காத பிள்ளைக்கு, ஐந்தாவதாக ஒரு முக்கோணம் வெட்டி, அதன் இரு கூர் மூலைகளையும் கிழித்து அருகருகே வைத்துக் காட்டச் சொல்வேன். தாளின் மூலையோடு அது அப்படியே ஒட்டி நிற்கும்.

இந்த இடத்தில்தான் கடைகளில் விற்கும் துண்டுப் பெட்டிகள் மீது எனக்கு மனக்குறை. அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஹென்றி பெரிகல் என்ற லண்டன் பங்குத் தரகர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த வெட்டு. நடுத்தரச் சதுரத்தின் மையம் வழியே, கர்ணத்துக்கு இணையாக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும் போட்டு நான்கு துண்டாக்குவது. அந்த நான்கும் சிறிய சதுரமும் சேர்ந்து கர்ணத்தின் சதுரத்தை நிரப்பிவிடும். மிக அழகான வெட்டு. அந்த மனிதரின் கல்லறையிலேயே அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பாடமாக அது வேண்டாம். கோடுகள் ஏன் அங்கே விழுந்தன என்று பிள்ளைக்குத் தெரியாது. ஐந்து துண்டும் பொருந்துகின்றன. ஏன் பொருந்துகின்றன என்று கேட்டால் விழிக்கும். 64-ஐ 65 ஆக்கிய வித்தையும் இப்படித்தானே பொருந்திற்று? நான்கு முக்கோண வழியைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, ஒரு மாதம் கழித்துப் பெரிகலின் வெட்டைக் கொடுத்து 'காரணத்தைக் கண்டுபிடி' என்று விடலாம். அப்போது அது விருந்து.

இனித் தாத்தாவின் பேத்திக்கு வருவோம். அவளிடம் 7, 7 இருந்தது. அடுக்கிப் பார்த்து, 49-ம் 49-ம் 98, கர்ணம் 9.9 சென்டிமீட்டர் என்று கண்டாள். அளவுகோலும் அதையே சொல்லிற்று. தாத்தாவின் வழிப்படி ஏழில் எட்டில் ஒன்று போக 6.125, பாதி மூன்றரை, ஆக 9.625. ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. கண்ணுக்குத் தெரிகிற குறை. "தப்பா வெட்டிட்டேனா?" என்று இரண்டாம் முறை வெட்டினாள். மறுபடியும் 9.9. பக்கத்தில் 3, 11 வைத்திருந்த தோழியின் முக்கோணத்தை வாங்கி அளந்தாள். அங்கே கர்ணம் 11.4, தாத்தாவின் வழி 11.1 சொல்கிறது. 5, 9 பையனிடம் போனாள். அங்கே தாத்தாவின் கணக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கூடுதல். அளவுகோலில் பிடிபடவே இல்லை. அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. சில இடத்தில் சரி, சில இடத்தில் தப்பு, எங்கே சரி?

உயர்நிலை வகுப்பில் இருபடிச் சமன்பாடு படித்தவர்கள் இதைத் தாமே கண்டுபிடிக்கலாம். தாத்தாவின் விதியையும் தேற்றத்தையும் சமமாக வைத்துத் தீர்த்தால், இரண்டே இரண்டு விடைகள்தாம் வரும். குட்டைப் பக்கத்துக்கும் நீளப் பக்கத்துக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு நாலாக இருக்க வேண்டும். அல்லது ஐந்துக்குப் பன்னிரண்டாக இருக்க வேண்டும். வேறு எந்த வடிவத்திலும் அந்த விதி சரியான விடை தராது. அந்தச் சிறுமி சோதித்தவை எவை? 3, 4. 6, 8. 5, 12. உலகத்தில் உள்ள எண்ணற்ற செங்கோண முக்கோண வடிவங்களில் விதி பிசகாத இரண்டே வடிவங்களைத்தான் அவள் சோதித்திருக்கிறாள்! அவள் மீது குற்றமில்லை. நம் பாடப்புத்தகங்களும் தேர்வுத் தாள்களும் அந்த இரண்டையும்தானே திரும்பத் திரும்பக் கொடுக்கின்றன?

தாத்தாவின் விதியை நான் ஏளனம் செய்வதாக எண்ண வேண்டாம். அந்த இரண்டு விகிதங்களுக்கும் இடைப்பட்ட வடிவங்களில் நூற்றுக்கு ஒன்று கூடப் பிழை வராது. வர்க்கமூலம் எடுக்க நேரமில்லாத இடத்தில் கை கொடுக்கும் மதிப்பீடு. இரு பக்கமும் சமமாகும்போது நூற்றுக்கு மூன்று அளவில் குறைகிறது. குட்டைப் பக்கம் மிகவும் குட்டையாகிவிட்டால் இன்னும் அதிகமாகக் குறைகிறது. மதிப்பீடு என்று தெரிந்து பயன்படுத்தினால் ஒரு கேடும் இல்லை. அதைத் தேற்றம் என்று மேடையில் பேசும்போதுதான் சங்கடம்.

'இதற்கெல்லாம் இரண்டு பீரியடு போய்விடுமே, போர்ஷன் முடிக்க வேண்டாமா' என்று பள்ளி ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். கேட்டும் விட்டார்கள். போகும்தான். முதல் பீரியடு வெட்டவும் அடுக்கவும் சரியாக இருக்கும். அடுத்தது மூலை ஏன் செங்கோணம் என்ற கேள்விக்கு. தெர்மோகோல் பிராஜெக்டுக்கும் அதன் கண்காட்சிக்கும் செலவாகும் நேரத்தை எடுத்துக்கொண்டாலே இது அடங்கிவிடும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைக்கு ஒரு வண்ணத்தாளும் கூர்மையான கத்தரிக்கோலும் வாங்கிக் கொடுங்கள். செய்து முடித்த மாடலை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் இந்தக் காகிதம் சொல்லாது. எங்கள் மாடிப் பிள்ளைகளில் ஒருவனுடைய தகப்பனார் கொத்தனார். வாணம் தோண்டும் முன் மூலை மட்டம் பார்க்க, நூலில் மூன்றடி ஒரு புறமும் நாலடி மறு புறமும் குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார். "அப்பா செய்வதும் இதுதானே சார்?" என்று பையன் கேட்டான். இல்லை, அது தலைகீழ். நாம் செங்கோணத்தில் தொடங்கிப் பக்கங்களைக் கண்டோம். அவர் பக்கங்களில் தொடங்கிச் செங்கோணத்தைக் காண்கிறார். நான்கு முக்கோண அடுக்கு அதற்குச் சான்றாகாது.

அதற்கு நான் இரண்டு ஈர்க்குச்சிகளைக் கொடுத்தேன். ஒன்று ஆறு சென்டிமீட்டர், ஒன்று எட்டு. ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்து, வாயை விரிக்க விரிக்க மறுமுனைகளின் தூரம் கூடிக்கொண்டே போகும். செங்கோணத்தில் அது பத்து என்று முதல் நாள் அடுக்கிலிருந்து தெரியும். அதற்கு முன்னால் பத்துக்குக் குறைவு. பின்னால் பத்துக்கு மேல். ஆகையால் பத்து வந்தால் செங்கோணம்தான். பையன் குச்சிகளை வீட்டுக்கு எடுத்துப் போனான். மறுநாள் வந்து, நாலும் ஐந்தும் அடியாக இல்லாமல் எட்டும் பத்துமாக, அதாவது 6, 8, 10 அடியாக வைத்துக் கொண்டால் மட்டம் இன்னும் துல்லியமாக வரும் என்று அப்பா சொன்னதாகச் சொன்னான். நூலைக் குறிக்கும்போது வரும் அரை அங்குலப் பிழை, சிறிய முக்கோணத்தை விடப் பெரிய முக்கோணத்தில் கோணத்தைக் குறைவாகவே கெடுக்கும். கொத்தனார் சொன்னது முற்றிலும் சரி.